ஏட்டுக் கவிதையை மேடைக்குக் கொண்டுவருவது: கவியரங்கத்துக்குப் புதியவர்களுக்கு

இதழில் வந்து நல்ல பெயர் வாங்கிய கவிதை, கவியரங்க மேடையில் வாசிக்கும்போது ஒரு கைதட்டும் இல்லாமல் கடந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கவிதையிலும் குறை இருக்காது, குரலிலும் குறை இருக்காது. படிப்பவருக்கு ஒரு வரி புரியவில்லை என்றால் கண் தானே மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வரும். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் சொன்ன வரி போனால் போனதுதான். அதைப் பிடிக்கப் பார்க்கிற நேரத்தில் அடுத்த இரண்டு வரியும் அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே, மேடைக்குக் கொண்டுபோகும் முன் கவிதையை ஒருமுறை காதுக்காகத் திருத்த வேண்டும். வரியின் நீளம், திரும்பச் சொல்வது, நிறுத்தம் என்று மூன்று இடங்களில் கை வைத்தால் போதும். ஒரு சின்னக் கவிதையை எடுத்துக்கொண்டு அதை எப்படி மாற்றுவது என்று கடைசிவரை செய்து காட்டுகிறேன். இதற்காகவே எழுதிய கவிதைதான், தலைப்பு 'ஊருணி'. தாளில் அது இப்படி இருக்கிறது:

அம்மா குடம் சுமந்து வந்த
ஒற்றையடிப் பாதையின் ஓரம்
பனைகள் வெட்டப்பட்டபின்
நிழலற்றுக் கிடக்கும் ஊருணியின்
வறண்ட கரையில்
கறையாய்ப் படிந்திருக்கிறது
யாரோ கழுவிய
லாரியின் எண்ணெய்.

தண்ணீர் இருந்த நாளில்
முகம் பார்த்தோம்.
இன்று
விலை பார்க்கிறோம்.

முதலில் கண்ணுக்காகச் செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்

பென்சிலை எடுத்து, இந்தக் கவிதையில் தாளை நம்பி நிற்பவை எவை என்று அடையாளம் போடுங்கள். இதில் மூன்று இருக்கின்றன.

ஒன்று, தலைப்பு. படிப்பவருக்கு 'ஊருணி' என்ற சொல் மேலேயே தெரிகிறது, கவிதை முழுக்கக் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது. கேட்பவர் அதை ஒரே ஒரு முறைதான் கேட்பார். அதுவும் நீங்கள் மைக்கைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் காலை நகர்த்தி வழிவிடும்போது.

இரண்டு, கரையும் கறையும். தாளில் ஓரெழுத்து மாறி பொருள் மாறுகிறது, படிப்பவர் அதை ரசிப்பார். ஆனால் இன்றைய பேச்சில் பெரும்பாலான ஊர்களில் 'ர'வும் 'ற'வும் ஒரே ஒலியாகத்தான் வருகின்றன. மேடையில் இந்த வரியைச் சொன்னால் "கரையில் கரையாய்" என்று காதில் விழும், ஏதோ உளறியது போலிருக்கும். ல, ள, ழ மூன்றையும் வைத்துச் செய்யும் சொல் விளையாட்டுக்கும் ஒலிபெருக்கி வழியே இதே கதிதான்.

மூன்று, 'இன்று' என்ற சொல்லைத் தனி வரியில் வைத்தது. தாளில் அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் கண்ணை நிறுத்துகிறது. வெற்றிடத்தை வாயால் வாசிக்க முடியாது. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

அடைப்புக்குறி, மேற்கோள் குறி, எழுத்தெழுத்தாகச் செங்குத்தாக உடைத்துப்போட்ட சொல் ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும். கவிதையின் உயிரே அந்த வடிவத்தில் இருந்தால் அதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேறு கவிதையை எடுங்கள்.

பெயரை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழ்க் கவிஞர்களுக்கு மேடையில் வரும் பெரிய சிக்கல் நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் அடை முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினை கடைசியில் வரும். "அம்மா குடம் சுமந்து வந்த" என்று தொடங்கினால் கேட்பவர் 'வந்த' எது என்று காத்திருக்கிறார். பாதை வருகிறது. "பாதையின் ஓரம்" என்கிறோம், ஓரத்தில் என்ன என்று காத்திருக்கிறார். பனை வருகிறது, அதுவும் வெட்டப்பட்டாயிற்று. "நிழலற்றுக் கிடக்கும்" என்றதும் இன்னொரு காத்திருப்பு. ஊருணி வந்து சேரும்போது அம்மா எப்போதோ மறந்துபோயிருப்பாள். எழுவாயான எண்ணெய்க்கோ எட்டாவது வரிவரை காத்திருக்க வேண்டும்.

தாளில் இந்தச் சங்கிலி அழகு. ஒவ்வொரு திரையாக விலகி ஊருணி தெரிவது படிப்பவருக்குப் பிடிக்கும். காதுக்கு இது சுமை. அரங்கில் செருமல் சத்தமும் நாற்காலி நகரும் சத்தமும் எழும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் இப்படி ஒரு நீளமான பெயரெச்சச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்வு எளிது. பெயரை முதலில் சொல்லிவிட்டு, அடைகளை ஒவ்வொன்றாகத் தனி வரியில் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஓர் ஊருணி.
அம்மா குடம் சுமந்த ஊருணி.
பனைமரம் காவல் நின்ற ஊருணி.

இப்போது கேட்பவர் எதையும் சுமக்க வேண்டியதில்லை. ஊருணி முதல் வரியிலேயே வந்துவிட்டது, மற்றவை அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. இன்னொரு பயனும் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக்காரர்களுக்கு ஊருணி பழகிய சொல். வேறு ஊர்க்காரர் ஒருவருக்குத் தெரியாமல் போனாலும், குடம் சுமந்து போகிற இடம் என்று இரண்டாவது வரியிலேயே புரிந்துவிடும். வட்டாரச் சொல்லை மேடையில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், அடுத்த வரியே விளக்கட்டும்.

ஒற்றையடிப் பாதை போய்விட்டதே என்று தோன்றும். போகட்டும். மேடைப் பிரதியில் எல்லாச் செய்தியையும் காப்பாற்ற முடியாது. கவிதை எங்கே போய் முடிகிறதோ, அதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவிதை தண்ணீரில் முடிகிறது, பாதையில் இல்லை.

வரிக்கு நான்கு சீர்

மேலே உள்ள மூன்று வரியும் நான்கு நான்கு சொல்லாக அமைந்திருப்பது தற்செயல் இல்லை. யாப்பில் இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று வந்தால் சிந்தடி, நான்கு வந்தால் அளவடி, ஐந்து வந்தால் நெடிலடி, அதற்கு மேல் கழிநெடிலடி. ஆசிரியப்பாவும் வெண்பாவும் நான்கு சீர் அடியை அடிப்படையாகக் கொண்டவை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அந்த அளவு இயல்பாகப் பொருந்துகிறது. ஒரு மூச்சில் சொல்லவும் முடிகிறது. புதுக்கவிதைக்கு யாப்பு வேண்டாம் என்றாலும், மேடைக்கு எழுதும்போது வரிக்கு நான்கு சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது சொல் தவிர்க்க முடியாமல் வந்தால், நடுவில் எங்காவது ஒரு சிறு நிறுத்தம் வைத்தாக வேண்டும்.

வரி எந்த எழுத்தில் முடிகிறது என்பதையும் பாருங்கள். அடுத்த வரிகளை முதலில் இப்படி எழுதினேன் என்று வையுங்கள்: "பனையை வெட்டினார்கள்; நிழல் போனது. நிழல் போனது, நீரும் போனது." பொருள் சரி, ஓசையும் சரி. ஆனால் 'போனது' என்பதன் கடைசி எழுத்து குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான் அளவு. பேசும்போதே பாதி விழுங்கிவிடுவோம். எதிரொலிக்கும் மண்டபத்தில் அது மொத்தமாகக் காணாமல் போகும். வரியின் முடிவில் குரல் நிற்க ஓர் இடம் வேண்டும். நெடில், ஐ, இல்லையென்றால் ம், ன், ள் போல இழுத்து நிறுத்தக்கூடிய மெய் வந்தால் நல்லது. அதனால்:

பனையை வெட்டினார்கள், நிழல் இல்லை.
நிழல் இல்லை, நீரும் இல்லை.

எல்லா வரிக்கும் இந்த விதி வேண்டாம். நீங்கள் நிறுத்தப் போகிற வரிகளுக்கு மட்டும் பார்த்தால் போதும்.

கரை, கறை என்ன ஆகும்? அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. 'கறை'க்கு முன்னால் 'எண்ணெய்' என்ற சொல்லை வைத்துவிட்டால் காது தடுமாறாது. "கரையோரம் லாரி கழுவினார்கள். கரை முழுக்க எண்ணெய்க் கறை." எழுத்தில் இருந்த விளையாட்டு இப்போது ஒலியொற்றுமையாக மாறிவிட்டது. பொருளும் தெளிவாக இருக்கிறது.

எதைத் திரும்பச் சொல்வது

கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு முறை சொல்வது நெடுநாள் பழக்கம். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லா வரியையும் இரண்டு முறை சொல்கிறார்கள். அதைவிட மோசமாக, நல்ல வரி என்று தாங்கள் நினைக்கிற வரியை இரண்டு முறை சொல்கிறார்கள். எந்த வரி எதிர்பார்ப்பை உண்டாக்குகிறதோ அதுதான் எடுப்பு, அதைத்தான் திரும்பச் சொல்ல வேண்டும். எந்த வரி அந்த எதிர்பார்ப்பைத் தீர்க்கிறதோ அதுதான் முடிப்பு, அதை ஒரே ஒரு முறைதான் சொல்ல வேண்டும். முடிப்பை நீங்களாக மறுபடி சொன்னால் அதன் வேகம் இறங்கிவிடும். அவையிலிருந்து "இன்னொரு முறை" என்று குரல் வந்தால் சொல்லுங்கள். அப்போதும் எடுப்பிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.

நம் கவிதையில் எதிர்பார்ப்பை உண்டாக்கும் இடம் "முகம் பார்த்தோம்". தீர்க்கும் இடம் "விலை பார்க்கிறோம்". தாளில் இருப்பதைப் போலவே சொன்னால் ஒரு சிக்கல் உண்டு. வியப்பு 'விலை' என்ற சொல்லில் இருக்கிறது, அதற்குப் பிறகு 'பார்க்கிறோம்' என்று இன்னொரு சொல் மிச்சமிருக்கிறது. அவை 'விலை'யிலேயே கைதட்டத் தொடங்கினால் 'பார்க்கிறோம்' அதில் முங்கிப்போகும். கைதட்டலை அடக்கிக்கொண்டு காத்திருந்தால் சூடு ஆறிவிடும். இங்கே மட்டும் வினையை முன்னால் தள்ளலாம்:

அன்று தண்ணீரில் பார்த்தோம் முகம்.
இன்று கேனில் பார்க்கிறோம் விலை.

வியப்பான சொல் வரியின் கடைசிச் சொல்லாகிவிட்டது. தனி வரியில் நின்ற 'இன்று', 'அன்று' என்பதற்கு எதிரே வந்து நிற்பதால், வெற்றிடம் செய்த வேலையை இப்போது எதுகை செய்கிறது. இப்படிச் சொற்களைத் திருப்பிப் போடுவதைக் கவிதைக்கு ஓரிரு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரிக்கு வரி திருப்பினால் அவை அடுத்த வரியையும் முன்கூட்டியே ஊகித்துவிடும், கடைசியில் வைத்த திருப்பத்துக்கு மதிப்பிருக்காது.

முதல் வரியை இரண்டு முறை சொல்வதற்குக் காரணம் வேறு. நீங்கள் தொடங்கும்போது அவை இன்னும் முந்தைய கவிஞரின் நினைப்பில் இருக்கும். முதல் முறை சொல்வது அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க, இரண்டாவது முறை சொல்வது அவர்கள் கேட்க. அதனால் முக்கியமான செய்தி எதையும் முதல் வரியில் வைக்காதீர்கள். திரும்பச் சொல்லும்போது முதல் முறை சொன்ன மாதிரியே சொல்லவும் வேண்டாம். முதலில் சமமாகச் சொல்லுங்கள், இரண்டாம் முறை ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுங்கள். "அன்று தண்ணீரில் பார்த்தோம் முகம்" என்பதை மறுபடி சொல்லும்போது அழுத்தம் 'தண்ணீரில்' என்ற சொல்லுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அடுத்த வரியில் 'கேனில்' வந்து மோதப் போவது அதன்மேல்தான். 'முகம்' என்பதை அழுத்தினால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

'ஊருணி' என்ற சொல் மூன்று வரியின் முடிவிலும் வந்தது. நான்காவதாகவும் வரலாம் என்று அவை எதிர்பார்க்கும் இடத்தில் பனையை வெட்டிவிட்டோம். அடுக்கை எங்கே உடைப்பது என்பதைச் செய்தியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இழப்பு வருகிற இடத்தில் அடுக்கும் நின்றால் அந்த இழப்பு காதிலேயே கேட்கும்.

நிறுத்தத்தைத் தாளில் எழுதுங்கள்

நிறுத்தம் மேடையில் தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பதற்றத்தில் எல்லாருமே வேகமாகப் படிப்போம். மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு என்றால் மூச்சு வாங்கும் நேரம். இரண்டு கோடு என்றால் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம். மூன்று கோடு கவிதைக்கு ஒரே ஓர் இடத்தில், முடிப்புச் சொல்லுக்கு முன்னால் மட்டும். நம் கவிதையின் மேடைத் தாள் இப்படி அமையும்:

எங்கள் ஊரில் ஓர் ஊருணி. ||
எங்கள் ஊரில் ஓர் ஊருணி. |
அம்மா குடம் சுமந்த ஊருணி. |
பனைமரம் காவல் நின்ற ஊருணி. ||

பனையை வெட்டினார்கள், | நிழல் இல்லை. ||
நிழல் இல்லை, | நீரும் இல்லை. ||
கரையோரம் லாரி கழுவினார்கள். |
கரை முழுக்க | எண்ணெய்க் கறை. ||

அன்று தண்ணீரில் பார்த்தோம் முகம். ||
அன்று தண்ணீரில் | பார்த்தோம் முகம். |
இன்று கேனில் பார்க்கிறோம் ||| விலை.

மூன்று கோட்டு நிறுத்தம் மேடையில் நிற்பவருக்கு யுகமாகத் தோன்றும், கீழே இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. அந்த நேரத்தில் தாளைப் பார்க்காதீர்கள். தலை குனிந்தால் வரியை மறந்துவிட்டார் என்று அவை நினைக்கும். அவையைப் பார்த்தபடி நின்றால், சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளும்.

நிறுத்தம் தவறான இடத்தில் விழுந்தால் பொருளே மாறும். "நேற்று வந்த மழையில் நனைந்த பாட்டி" என்ற தொடரை எடுங்கள். "நேற்று வந்த மழையில் | நனைந்த பாட்டி" என்றால் நேற்று வந்தது மழை. "நேற்று வந்த | மழையில் நனைந்த பாட்டி" என்றால் நேற்று வந்தவள் பாட்டி. பெயரெச்சத்துக்கும் அதன் பெயருக்கும் நடுவில் நிறுத்தும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். மரபுக் கவிதை வாசிப்பவர்கள் சீர் பிரித்து வாசித்து இதே தவறில் விழுகிறார்கள். அச்சில் வகையுளியாக உடைந்திருக்கும் சொல்லை வாயில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நேரிசை வெண்பாவாக இருந்தால் இரண்டாம் அடியின் நான்காம் சீராக வரும் தனிச்சொல் இயல்பான நிறுத்தத்தைத் தந்துவிடும், வேறு இடம் தேட வேண்டாம். ஹைக்கூ என்றால் எந்த வரியையும் தனியாகத் திரும்பச் சொல்லாமல், முழுவதையும் ஒருமுறை சொல்லி, நிறுத்தி, இன்னொரு முறை முழுவதையும் சொல்லுங்கள்.

எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் எல்லா நிறுத்தத்தையும் கொஞ்சம் நீட்ட வேண்டும், முந்தைய சொல் அடங்கிய பிறகுதான் அடுத்தது தெளிவாக விழும். முடிந்தால் நிகழ்ச்சிக்கு முன்பே மைக்கில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் 'ப' வரும் இடங்களில் காற்று வந்து இடிக்காது. நம் கவிதையில் 'பனை', 'பார்த்தோம்', 'பார்க்கிறோம்' என்று அது நிறையவே வருகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை செய்த சொல் மாற்றமெல்லாம் உங்கள் சொந்தக் கவிதைக்குத்தான். அடுத்தவர் கவிதையை வாசித்தால் நிறுத்தத்தையும் திரும்பச் சொல்வதையும் மட்டும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றவோ வரியை விடவோ எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

ஒத்திகை

வீட்டில் கவிதையைப் படித்திராத ஒருவரை உங்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையும் கையையும் பார்த்தால் அதிலிருந்தே பாதி புரிந்துகொள்வார். ஒருமுறை சொல்லிவிட்டு, என்ன கேட்டது என்று கேளுங்கள், நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். ஊருணி, பனை, எண்ணெய், கேன் நான்கும் அவர் வாயில் வந்தால் பிரதி சரி. எது வரவில்லையோ அந்த வரியை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அந்த வரி நீளமாக இருக்கும், இல்லையென்றால் முந்தைய வரிக்குப் பின் நிறுத்தம் போதாமல் இருக்கும்.

நேரத்தை இந்தப் பிரதியை வைத்து அளந்துபாருங்கள். திரும்பச் சொல்வதும் நிறுத்தமும் சேர்ந்தால், தாளில் சின்னதாகத் தெரியும் கவிதை நிறைய நேரம் எடுக்கும். ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், மீதி கைதட்டலுக்கும் அவை வணக்கத்துக்கும் போய்விடும். தலைவருக்கும் அவைக்கும் சொல்லும் வணக்கக் கவிதை நான்கு வரியைத் தாண்ட வேண்டாம்.

தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். எடுப்பும் முடிப்பும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று கோட்டு நிறுத்தத்தில் தாளைத் திருப்ப நேர்ந்தால் அந்த நிறுத்தம் வீண்.

முதல் நிகழ்ச்சி முடிந்ததும், கைதட்டல் எங்கே விழுந்தது என்று தாளிலேயே குறித்து வையுங்கள். முடிப்புக்குப் பிறகு கொஞ்சம் தாமதமாக, தயங்கித் தயங்கி வந்திருந்தால் எடுப்பு பதியவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை அதைத் திரும்பச் சொல்லும்போது இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள். வரி முடியும் முன்பே வந்திருந்தால் வியப்புச் சொல் நடுவில் இருக்கிறது, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நீங்கள் நினைக்காத ஒரு வரிக்கு வந்திருந்தால் அங்கே ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த அரங்கில் அந்தக் கைதட்டலுக்கு நடுவே அடுத்த வரி தொலைந்துபோகும். கைதட்டல் ஓய்ந்த பிறகு நேராக அடுத்த வரிக்குப் போகாமல், கடைசியாகச் சொன்ன வரியின் பாதியை மெல்ல ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடருங்கள். இழை விட்ட இடத்திலிருந்து எல்லாரும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.